விற்ற மெஷினும் மிச்சமிருக்கும் பிளாக்கும்: தேய்மானக் கணக்கு ஒத்துவராதபோது எங்கே பார்ப்பது

வருமான வரிக் கணக்கில் மெஷின்களுக்குத் தனித்தனி முகம் கிடையாது. ஒரே வகையைச் சேர்ந்த, ஒரே தேய்மான விகிதம் கொண்ட சொத்துகள் எல்லாம் ஒரே பிளாக்கில் போய்க் கலந்துவிடும். லேத், மில்லிங், கம்ப்ரசர், ஜெனரேட்டர் எல்லாமே 15 சதவீத பிளாக். தொழிலுக்கென்று வாங்கிய காரும் பொதுவாக அதிலேயேதான் உட்காரும். கம்ப்யூட்டர்கள் 40 சதவீதத்தில் தனி பிளாக். வாங்கும்போது இந்தக் கலப்பு யாருக்கும் சிக்கல் தருவதில்லை. ஒரு மெஷினை விற்கும் வருடத்தில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

கோவையில் சிறு பட்டறைகளுக்குக் கணக்கு எழுதி வருகிறேன். விற்பனை நடந்த வருடத்தில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் கோளாறுகளை, அவை எப்படித் தென்படுகின்றனவோ அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உரியவை. 2026 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் எண்கள் மாறிவிட்டன. கீழே வரும் உதாரணம் 2024-25 நிதியாண்டுக்கானது என்பதால் பழைய எண்களையே வைத்திருக்கிறேன்.

எல்லாக் கோளாறுக்கும் அடியில் இருப்பது இந்த ஒரு கணக்குதான். இதில் டபிள்யூ.டி.வி என்பது, இதுவரை போட்ட தேய்மானம் போக பிளாக்கில் மிஞ்சியிருக்கும் மதிப்பு:

```
ஆரம்ப டபிள்யூ.டி.வி
+ இந்த வருடம் வாங்கியவற்றின் அடக்க விலை
− இந்த வருடம் விற்றவற்றின் விற்பனை விலை
= தேய்மானம் போட வேண்டிய தொகை
```

மூன்றாவது வரியை நிதானமாகப் படியுங்கள். கழிப்பது விற்பனை விலையை. மெஷினை வாங்கிய விலையையோ, அந்த மெஷினுக்கென்று நாம் மனதில் வைத்திருக்கும் மிச்ச மதிப்பையோ அல்ல. பிரிவு 43(6) சொல்வது இதைத்தான்.

உதாரணப் பட்டறை

2024 ஏப்ரல் 1 அன்று 15 சதவீத பிளாக்கின் டபிள்யூ.டி.வி 18,00,000 ரூபாய். ஆகஸ்டில் பழைய மில்லிங் மெஷின் ஒன்றை 7,00,000 ரூபாய்க்கும் அதற்கு மேல் ஜி.எஸ்.டி.க்கும் விற்றார்கள். நவம்பர் 10ஆம் தேதி 6,00,000 ரூபாய்க்கும் அதற்கு மேல் ஜி.எஸ்.டி.க்கும் ஒரு சி.என்.சி. லேத் வாங்கி, அன்றே ஓட்டத் தொடங்கினார்கள். லேத்துக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாக எடுத்துவிட்டார்கள். அதனால் அடக்க விலை 6,00,000 மட்டும்.

சரியான கணக்கு இப்படி வரும். 18,00,000லிருந்து 7,00,000 போனால் 11,00,000. இதற்கு 15 சதவீதம் 1,65,000. புது லேத் அந்த வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியதால் அதற்குப் பாதி விகிதம், அதாவது 6,00,000க்கு 7.5 சதவீதம், 45,000. மொத்தத் தேய்மானம் 2,10,000. மார்ச் 31 அன்று பிளாக்கில் மிஞ்சுவது 14,90,000.

இந்த எண்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோளாறாகப் பார்க்கலாம்.

அறிகுறி 1: லாப நட்டக் கணக்கில் விற்பனை லாபம் இருக்கிறது, வரிக் கணக்கில் அதற்கு இடமே இல்லை

"மெஷின வித்த லாபம் எங்கீங்க போச்சு?" என்று முதலாளிகள் கேட்கும் இடம் இது. கேட்பதில் நியாயம் இருக்கிறது. புத்தகத்தில் மெஷின் வாரியாகத்தான் தேய்மானம் போடுகிறோம். கம்பெனியாக இருந்தால் கம்பெனிச் சட்டம் 2013இன் இரண்டாம் அட்டவணைப்படி ஒவ்வொரு மெஷினுக்கும் ஆயுட்காலம் வைத்துப் போட வேண்டும். நம் மில்லிங் மெஷினின் புத்தக மதிப்பு 5,20,000 என்று வைத்துக்கொள்வோம். 7,00,000க்கு விற்றதால் புத்தகத்தில் 1,80,000 லாபம் வருகிறது. புத்தகத்தைப் பொறுத்தவரை அது சரியான பதிவு.

வரிக் கணக்கில் அந்த லாபம் தொலைந்துபோகவில்லை, பிளாக்குக்குள் போய்விட்டது. 7,00,000 முழுவதையும் பிளாக்கிலிருந்து கழித்திருக்கிறோம். அதனால் இனி வரும் வருடங்களில் தேய்மானம் குறையும், வருமானம் அந்த அளவுக்கு மேலே நிற்கும். ஒரே தடவையில் வரி கட்டுவதற்குப் பதிலாக வருடக்கணக்கில் மெதுவாகக் கட்டுகிறோம்.

இங்கே நடக்கும் தவறு, வருமானக் கணக்கீட்டில் அந்த 1,80,000ஐ எடுத்துவிட மறப்பது. புத்தக நிகர லாபத்தில் அது ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அதைக் கழிக்காமல் விட்டால், அதே விற்பனைக்கு இரண்டு முறை வரி கட்டுகிறீர்கள்: இப்போது லாபமாக ஒரு முறை, பின்னால் குறைந்த தேய்மானமாக இன்னொரு முறை. கண்டுபிடிப்பது எளிது. கணக்கீட்டுத் தாளில் புத்தகத் தேய்மானத்தைக் கூட்டிய வரிக்குப் பக்கத்தில், சொத்து விற்ற லாபத்தைக் கழித்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். நட்டத்துக்கு விற்றிருந்தால் அந்த நட்டத்தைக் கூட்டிய வரி இருக்க வேண்டும். புத்தகத் தேய்மானத்தைக் கூட்ட யாரும் மறப்பதில்லை. விற்பனை லாபம் 'இதர வருமானம்' என்ற தலைப்புக்குள் ஒளிந்திருப்பதால் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

அறிகுறி 2: பிளாக்கின் முடிவு இருப்பு ஆடிட்டர் சொன்ன தொகையோடு ஒத்துவரவில்லை

முதலில் இந்தச் சோதனையைப் போடுங்கள். முடிவு இருப்போடு அந்த வருடத் தேய்மானத்தையும் விற்பனை விலையையும் கூட்டுங்கள். அது ஆரம்ப இருப்பும் புதிதாக வாங்கியதும் சேர்ந்த தொகைக்குச் சமமாக வர வேண்டும். நம் பட்டறையில் 14,90,000 + 2,10,000 + 7,00,000 = 24,00,000. அந்தப் பக்கம் 18,00,000 + 6,00,000 = 24,00,000. சரி.

ஒத்துவராவிட்டால் அநேகமாக மில்லிங் மெஷினின் தனி மதிப்பைக் கழித்திருப்பார்கள். யாரோ ஒருவர் பழைய பில்லை எடுத்து, வருடா வருடம் 15 சதவீதம் குறைத்து, "இந்த மெஷினின் டபிள்யூ.டி.வி 4,10,000" என்று கண்டுபிடித்து, அதை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டு, மீதி 2,90,000ஐ மூலதன ஆதாயம் என்று காட்டியிருப்பார். சொத்துப் பதிவேடு வைத்திருக்கும் சில மென்பொருள்களும் 'விற்கப்பட்டது' என்று குறித்ததுமே இதைத் தானாகச் செய்துவிடும்.

அதன் விளைவைப் பாருங்கள். 18,00,000லிருந்து 4,10,000 போனால் 13,90,000. அதற்கு 15 சதவீதம் 2,08,500. லேத்தின் 45,000ஐச் சேர்த்தால் 2,53,500. தேய்மானம் 43,500 அதிகமாகக் கிடைத்தது போலத் தெரியும். ஆனால் வரவே இல்லாத 2,90,000 ஆதாயத்துக்கு வரி கட்டியாகிவிட்டது. அந்த வருடத்து வருமானம் 2,46,500 கூடுதலாகக் காட்டப்பட்டிருக்கிறது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். 1988-89 மதிப்பீட்டு ஆண்டுக்கு முன்னால் சட்டமே அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு மெஷினுக்கும் தனிக் கணக்கு. மிச்ச மதிப்பைவிட அதிகமாக விற்றால் தொழில் வருமானம், குறைவாக விற்றால் கூடுதல் கழிவு. பிளாக் முறை வந்தபோது அந்தத் தனிக் கணக்கு தேவையில்லாமல் போனது. மின்சாரம் உற்பத்தி செய்யும் நிறுவனங்கள் விரும்பினால் சொத்து வாரியாகக் கணக்கு வைக்கலாம். மற்றவர்களுக்கு அந்த வழி இல்லை. ஆனாலும் "மெஷின் போனால் மெஷினின் மதிப்பும் போக வேண்டும்" என்ற எண்ணம் இன்னும் பலர் கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வித்தியாசம் சரியாக 1,26,000 என்று வந்தால் காரணம் வேறு. வங்கிக்கு வந்த 8,26,000ஐ அப்படியே கழித்திருப்பார்கள். அதில் 1,26,000 ஜி.எஸ்.டி. அது அரசாங்கத்துக்குப் போக வேண்டிய பணம், விற்பனை விலையில் சேராது. வாங்கும் பக்கத்திலும் இதே போலத்தான். உள்ளீட்டு வரி எடுத்துவிட்டால் அந்தத் தொகைக்குத் தேய்மானம் எடுக்க முடியாது.

அறிகுறி 3: இருப்பு ஒத்துவருகிறது, தேய்மானம் மட்டும் இடிக்கிறது

மேலே சொன்ன சோதனையில் தேறிய பிறகும் தேய்மானத் தொகை தவறாக இருக்கலாம். அப்படியானால் தவறு பாதி விகிதத்தில் இருக்கும்.

முதல் வகை, விற்ற மெஷினுக்கு நாள் கணக்கில் தேய்மானம் போடுவது. "ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஓடியதே, அதற்குப் பாதியாவது வேண்டாமா?" என்பார்கள். கிடையாது. 180 நாள் விதி வாங்கிய வருடத்துக்கு மட்டும்தான். மார்ச் 30ஆம் தேதி விற்றாலும் அந்தப் பணம் முழுவதும் கழிந்த பிறகு நிற்கும் தொகைக்குத்தான் தேய்மானம். வாங்கும் பக்கத்தில் எல்லைத் தேதி, சாதாரண வருடத்தில் அக்டோபர் 3. அன்றைக்குள் ஓடத் தொடங்கினால் முழு விகிதம், மறுநாள் என்றால் பாதி. பில் தேதி எதுவாக இருந்தாலும், மெஷின் ஓடத் தொடங்கிய தேதியே கணக்கு.

இரண்டாவது வகை எக்ஸ்சேஞ்ச். இதைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் கஷ்டம், ஏனென்றால் எல்லாக் கூட்டலும் சரியாகவே வரும். இதே பட்டறை ஆகஸ்ட் விற்பனைக்கும் நவம்பர் லேத்துக்கும் பதிலாக, டிசம்பரில் 10,00,000 மதிப்புள்ள புது மெஷினை வாங்கி, பழையதை 3,00,000க்குத் திருப்பிக் கொடுத்து, மீதி 7,00,000 கட்டியதாக வைத்துக்கொள்வோம். கணக்கர் 7,00,000ஐ மட்டும் 'புது மெஷின்' என்று போடுகிறார். பிளாக்கின் மொத்தம் மாறாது: 18 லட்சத்தோடு 7 லட்சம் சேர்ந்தால் 25 லட்சம். சரியான வழியில் 18லிருந்து 3 போய் 10 சேர்ந்தாலும் அதே 25 லட்சம்தான்.

ஆனால் தேய்மானம் மாறும். தவறான பதிவில் 18,00,000க்கு 15 சதவீதம் 2,70,000, 7,00,000க்கு 7.5 சதவீதம் 52,500, ஆக 3,22,500. சரியான பதிவில் 15,00,000க்கு 2,25,000, 10,00,000க்கு 75,000, ஆக 3,00,000. 22,500 அதிகமாக எடுத்தாகிவிட்டது. பதிவேட்டில் பழைய மெஷின் இன்னும் இருப்பதாகவும் காட்டும். விற்பனையாளரின் பில்லைக் கேட்டு வாங்கி, எக்ஸ்சேஞ்ச் தொகை தனி வரியில் கழிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரண்டு பதிவு போட வேண்டும்: 10,00,000க்கு வாங்கியது ஒன்று, 3,00,000க்கு விற்றது ஒன்று.

ரிட்டர்னில் இந்தப் பிரிவினை `Schedule DPM`-இல் தெளிவாகவே இருக்கிறது. 180 நாளும் அதற்கு மேலும் என்று ஒரு வரி, அதற்குக் குறைவு என்று வேறொரு வரி, ஒவ்வொன்றுக்கும் கீழே விற்பனைத் தொகைக்குத் தனி இடம். பழைய மெஷினை விற்ற பணம் முழு விகிதப் பக்கத்தில்தான் கழிய வேண்டும். அந்தப் பக்கம் பூஜ்யமாகி மீதி இருந்தால் மட்டும் பாதி விகிதப் பக்கத்துக்கு வரும். பழைய மெஷினின் விற்பனையைப் புது மெஷினின் வரியில் கழித்துத் தேய்மானத்தைக் கூட்டிக் காட்டிய தாள்களைப் பார்த்திருக்கிறேன். அது நிற்காது.

அறிகுறி 4: பட்டறை நிறைய மெஷின் இருக்கிறது, தேய்மானம் பூஜ்யம்

இப்படி வந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் இது கோளாறே அல்ல. விற்ற பணம் பிளாக்கையே விழுங்கிவிட்டது என்று அர்த்தம்.

அதே பட்டறை அந்த வருடத்தில் ஒரு மெஷினுக்குப் பதிலாக நாலு நல்ல மெஷின்களை 26,00,000க்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். தரகுக்கும் ஏற்றி இறக்கவும் 50,000 செலவு. ஆரம்ப இருப்பும் புது லேத்தும் சேர்ந்து 24,00,000. பிரிவு 50இன்படி, 26,00,000லிருந்து 24,00,000ஐயும் செலவு 50,000ஐயும் கழித்தால் 1,50,000. இது குறுகிய கால மூலதன ஆதாயம். மெஷின்களைப் பத்து வருடம் வைத்திருந்தாலும் குறுகிய காலம்தான். பிளாக் பூஜ்யம், தேய்மானம் பூஜ்யம். நவம்பரில் வாங்கிய லேத் புத்தம் புதிதாக நிற்கும், ஆனால் அதற்கென்று ஒரு ரூபாய்கூட மிஞ்சாது. அதன் விலை முழுவதும் ஆதாயத்தைக் குறைக்கப் பயன்பட்டுவிட்டது. அடுத்த வருடம் பிளாக் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

இங்கே இரண்டு தவறுகள் நடக்கும். ஒன்று, பிளாக்கை மைனஸில் விட்டு அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோவது. பிளாக் ஒருபோதும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. மைனஸ் தெரிந்தால் அந்தத் தொகையிலிருந்து விற்பனைச் செலவைக் கழித்து, மிஞ்சுவதை அதே வருடத்தில் ஆதாயமாகக் காட்ட வேண்டும். இன்னொன்று, அதைத் தொழில் வருமானத்தில் சேர்ப்பது. அது `Schedule DCG` வழியாக `Schedule CG`-க்குப் போக வேண்டியது. தலைப்பு மாறினால் பயனும் மாறும். போன வருடங்களில் பங்கு விற்று வந்த குறுகிய கால நட்டம் கைவசம் இருந்தால், அதை இந்த ஆதாயத்தோடு ஈடுகட்டலாம். தொழில் வருமானம் என்று காட்டிவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

மார்ச்சில் இதைக் கவனித்தவர்கள் அவசரமாக எதையாவது வாங்கி ஆதாயத்தைக் குறைக்கப் பார்ப்பார்கள். அது சட்டப்படியான வழிதான். அந்த வருடத்தில் வாங்கிய சொத்தின் விலையைச் சட்டமே கழிக்கச் சொல்கிறது. ஆனால் வாங்கியது அதே பிளாக்கில் விழ வேண்டும். 15 சதவீத பிளாக்கின் ஆதாயத்துக்கு எதிராகக் கம்ப்யூட்டர் வாங்கிப் பயனில்லை, அது 40 சதவீதம். அட்வான்ஸ் கொடுத்துவிட்டு மெஷின் ஏப்ரலில் வந்தாலும் பயனில்லை. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தத் தொகை அடக்க விலையிலேயே சேராது.

அறிகுறி 5: எல்லா மெஷினையும் விற்றாயிற்று, பிளாக்கில் பணம் மிச்சம் நிற்கிறது

முதலில் கேட்க வேண்டியது: உண்மையிலேயே எல்லாம் போய்விட்டதா? பிளாக் என்பது கட்டடத்துக்கோ யூனிட்டுக்கோ உரியதல்ல, வரி கட்டுபவருக்கு உரியது. ஒரு யூனிட்டை மூடி அங்கிருந்த மெஷின்களை எல்லாம் விற்றாலும், இன்னொரு யூனிட்டில் ஒரு கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தால் பிளாக் உயிரோடுதான் இருக்கிறது.

இப்படி ஒரு கணக்கு என்னிடம் வந்தது. பட்டறை மெஷின்கள் அத்தனையும் போய், பிளாக்கில் 7,00,000 மிச்சம். மூலதன நட்டம் என்று எழுதிவைத்திருந்தார்கள். சொத்துப் பட்டியலை வரி வரியாகப் படித்தபோது, முதலாளி தொழிலுக்கு ஓட்டும் கார் அதே 15 சதவீதத்தில் உட்கார்ந்திருந்தது. தொழிலும் தொடர்ந்து நடந்துகொண்டிருந்தது. ஆகவே நட்டம் இல்லை, அந்த 7,00,000க்கும் வழக்கமான தேய்மானம். காரின் சொந்த மதிப்பு அதில் மூன்றில் ஒரு பங்குகூட இராது என்று அவர்கள் சந்தேகப்பட்டார்கள். பிளாக்கில் ஒரு சொத்தாவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி, அதன் மதிப்பு எவ்வளவு என்பது அல்ல.

உண்மையிலேயே கடைசிச் சொத்தும் போயிருந்தால் கதை வேறு. மிச்சமிருக்கும் தொகைக்குத் தேய்மானம் கிடையாது. அது குறுகிய கால மூலதன நட்டமாகிறது, தொழில் வருமானத்தோடு ஈடுகட்ட முடியாது. மூலதன ஆதாயத்தோடு மட்டும், எட்டு வருடம் வரை. அதற்கும் அந்த வருடத்து ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். `Schedule DPM`-இல் பிரிவு 50க்கான வரியில் மைனஸ் தொகை எழுத இந்த ஒரு நிலையில் மட்டும்தான் அனுமதி.

எனவே கடைசி மெஷினுக்கு விலை பேசும் முன், மிச்ச இருப்பு எவ்வளவு என்று பார்த்துவிடச் சொல்வேன். அது பெரிய தொகையாக இருந்து, தொழிலும் வேறு வடிவில் தொடரப்போகிறது என்றால், வேலைக்கு ஆகும் ஒரு மெஷினை விற்காமல் ஓட்டிக்கொண்டிருப்பதால் அந்தத் தொகை முழுவதும் தேய்மானமாகவே கழிந்து வரும். உதிரிப்பாகம் என்று தூக்கிப் போட்ட பழைய மெஷின் இதற்கு உதவாது. அது தொழிலுக்கு ஓட வேண்டும், ஓடியதற்கு மின்கட்டணமோ வேலைப் பதிவோ கையில் இருக்க வேண்டும்.